தேரோட்டத்தில் ட்ரோன்: எங்கே நிற்பது, எப்போது ஏற்றுவது?

*வணக்கம் ஐயா. எட்டு ஆண்டுகளாகத் திருமணப் படப்பிடிப்பு செய்துவருகிறேன். சென்ற ஆண்டு 900 கிராம் எடையுள்ள ட்ரோன் ஒன்றை வாங்கினேன். மூன்று பேட்டரிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 45 நிமிடம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வரும் சித்திரையில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் தேரோட்டத்தை, வடம் பிடிப்பதில் தொடங்கித் தேர் நிலைக்கு வரும்வரை மேலேயிருந்து எடுத்துத் தரும்படி விழாக் குழுவினர் கேட்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் நிலைக்கு வரப் பன்னிரண்டு ஆகும். கூட்டத்துக்கு நேர் மேலேயிருந்து எடுக்கும் காட்சிதான் வேண்டும் என்கிறார்கள். ஊர், திருச்சி விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டர். எப்படித் திட்டமிடுவது? யாரிடம் அனுமதி வாங்குவது?*

*— ஒரு வாசகர், திருச்சி மாவட்டம்*

அன்புள்ள நண்பருக்கு,

முன்பணம் வாங்குவதற்கு முன்பே விழாக் குழுவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கூட்டத்துக்கு நேர் மேலே ட்ரோன் போகாது. இதை விழா நாளன்று சொன்னால் சண்டை வரும். இப்போது சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். காரணத்தையும் கணக்கோடு சொல்லுங்கள். உங்கள் 900 கிராம் ட்ரோன் 50 மீட்டர் உயரத்தில் மின்சாரம் அற்று விழுந்தால், காற்றின் தடையைக் கழித்த பிறகும் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் வந்து மோதும். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றல் அந்த அடியில் இருக்கும். கீழே வடம் பிடித்திருப்பவர்கள் கால் நகர்த்தவும் இடமில்லாமல் நெருங்கி நிற்கிறார்கள். எவர் தலையிலாவது விழுந்தால் அதோடு முடியாது. ஒருவர் அலறி விலகினால் வடத்தின் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கும் தேர்ச் சக்கரத்தின் பக்கம் நெரிசல் திரும்பிவிடும். எனக்கு உண்மையான அச்சம் அதுதான்.

நல்ல ட்ரோன் விழுமா என்று கேட்பார்கள். பறவை மோதும். கோபுரத்தில் அடையும் புறாக்கள் அதிர்வேட்டுச் சத்தத்தில் ஒரே கூட்டமாகக் கிளம்பும். பருந்து தன் எல்லைக்குள் வந்த ட்ரோனை வட்டமிட்டு அடிக்கும். ட்ரோனின் சுழலும் இறக்கையில் ஒரு கீறல் இருந்தாலும் வெயிலில் அது பிளந்துபோகலாம். பேட்டரி அபாய அளவுக்கு இறங்கினால் பெரும்பாலான ட்ரோன்கள் உங்களைக் கேட்காமல் தாமாகவே இறங்கத் தொடங்கும். அப்போது அவை எங்கே நிற்கின்றனவோ அதற்கு நேர் கீழேதான் இறங்கும்.

அப்படியானால் எவ்வளவு விலகி நிற்பது? ஐரோப்பிய விதிகளில் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: எவ்வளவு உயரத்தில் பறக்கிறீர்களோ, குறைந்தது அவ்வளவு தூரம் ஆட்களிடமிருந்து பக்கவாட்டில் விலகியிருக்க வேண்டும். கூட்டம் என்றால் நான் உயரத்தின் ஒன்றரை மடங்கை வைத்துக்கொள்கிறேன். 50 மீட்டர் உயரத்திலிருந்து ட்ரோன் விழ ஏறக்குறைய நான்கு விநாடி ஆகும். அது விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்து, காற்றும் அதே பக்கம் ஆறு மீட்டர் வேகத்தில் தள்ளினால், நாற்பத்துநான்கு மீட்டர் வரை தள்ளிப்போய் விழக்கூடும். ஆகவே 50 மீட்டர் உயரத்துக்கு 75 மீட்டர் விலகல். அங்கிருந்து கேமராவைச் சுமார் முப்பத்துநான்கு பாகை சாய்த்தால் தேர்ச் சிகரம், நீண்டு கிடக்கும் வடம், இருபுறத்து மக்கள், பின்னால் கோபுரம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும். நேர் மேலேயிருந்து பார்த்தால் தேர் வெறும் வண்ணக் குடையாகத் தட்டையாகிவிடும். அதன் உயரமே தெரியாது. இரண்டு காட்சிகளையும் குழுவினருக்குக் காட்டுங்கள், பெரும்பாலும் அவர்களே சாய்வுக் காட்சியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

நேர் மேலேயிருந்து ஒரு காட்சி கட்டாயம் வேண்டும் என்றால், தேருக்கு வடம் பூட்டித் தெருவில் நீட்டிப்போட்டதும் எடுங்கள். பல ஊர்களில் முந்தின நாள் மாலையோ விடியற்காலையோ இதைச் செய்கிறார்கள். குழுவிலிருந்து நான்கு பேர் தெருவின் இரு முனைகளிலும் ஐந்து நிமிடம் ஆட்களை நிறுத்திவைத்தால் போதும். வெறும் தெரு, அதன் நடுவில் பாம்பு போல வடங்கள், முனையில் அலங்கரித்த தேர். இந்தக் காட்சியையும் மறுநாள் சாய்வாக எடுத்த கூட்டக் காட்சியையும் அடுத்தடுத்து வைத்தால் பார்க்கிறவர்களுக்குக் குறை எதுவும் தெரியாது.

75 மீட்டர் விலகி நிற்க நான்கு தேர்வீதிகளில் ஏது இடம் என்று நினைப்பீர்கள். வீதி வீதியாக நடந்து பாருங்கள். வேலியிட்ட தெப்பக்குளம், விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானம், வீதிக்குப் பின்புறத் தென்னந்தோப்பு, அறுவடை முடிந்த வயல் ஆகியவைதான் உங்கள் ஆகாயம். மொட்டைமாடிகளைக் காலி இடம் என்று எண்ணிவிடாதீர்கள். தேர் வரும் நேரத்தில் ஒவ்வொரு மாடியிலும் குழந்தைகளும் பெரியவர்களும் நிறைந்திருப்பார்கள், அவர்களும் கூட்டம்தான். அதுவும் உங்கள் ட்ரோனுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் அருகில் வந்துவிட்ட கூட்டம்.

இடத்தைக் குறித்த பிறகு காற்றைப் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் எந்த இடத்தில் நிற்பது என்பதை அதுதான் முடிவு செய்யும். பல ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு எடுத்தபோது கற்ற பாடம் இது. கரையில் காற்று சட்டையை அசைக்கும் அளவுதான் இருந்தது. ட்ரோனைக் கிழக்கே அனுப்பினேன். நானூறு மீட்டரை அரை நிமிடத்துக்குள் கடந்துவிட்டது. நன்றாகப் பறக்கிறது என்றே நினைத்தேன். திருப்பும்போதுதான் உண்மை புரிந்தது. மேலே விநாடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் மேல்காற்று. என் ட்ரோனின் வேகம் பத்து மீட்டர். போகும்போது இரண்டும் சேர்ந்து பதினேழு, திரும்பும்போது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து மூன்று. போக இருபத்துநான்கு விநாடி, வர இரண்டு நிமிடத்துக்கு மேல். திரையில் கரை நகரவே இல்லை. பேட்டரி எண் மட்டும் 24, 20, 15 என்று இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு சதவீதத்தில், எனக்கு நூறு மீட்டர் முன்னால் ஆற்று மணலில் அது தானாக இறங்கியது. அங்கே ஆள் இல்லை. பத்தடி தள்ளிப் பெண்கள் காப்பரிசி படைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் மாற்றாத வரிசை ஒன்று உண்டு. காற்று முதலில் கூட்டத்தைத் தொட வேண்டும், பிறகு ட்ரோனை, கடைசியாக என் முகத்தை. இப்படி நின்றால் ட்ரோன் செயலிழந்து விழும்போது காற்று அதைக் கூட்டத்திலிருந்து விலக்கித் தள்ளும். பேட்டரி குறைந்து திரும்பும்போது காற்றே அதைக் கொண்டுவந்து சேர்க்கும். சித்திரைக் காலையில் ஒரு திசையில் இருக்கும் காற்று வெயில் ஏறியதும் மாறக்கூடும். ஆகவே கோயிலுக்குக் கிழக்கே ஓர் இடமும் மேற்கே ஓர் இடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். எதில் நிற்பது என்பதை அன்று காலை கோபுரத்தில் கட்டிய கொடியைப் பார்த்து முடிவு செய்யலாம். கொடி இல்லையென்றால் உயரமான தென்னையின் கீற்றைப் பாருங்கள்.

தரையில் நின்று அளக்கும் காற்று மேலே இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் முதல் முறை ஏற்றியதும் வேலையைத் தொடங்காதீர்கள். காலி இடத்துக்கு மேலே 50 மீட்டரில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பிறகு காற்றை எதிர்த்து, சாதாரண வேகநிலையில் ரிமோட் குச்சியை முழுக்கத் தள்ளித் திரையில் வேகத்தைப் படியுங்கள். காற்றில்லாத நாளில் காட்டும் வேகத்தில் பாதிகூட வரவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். அரை மணி கழித்து மீண்டும் பார்க்கலாம். கோபுரத்தின் மறைவில் காற்று அமைதியாக இருக்கும் என்று நம்பி அங்கே ஒதுங்காதீர்கள். கோபுரத்தில் மோதிப் பிரியும் காற்று அதன் பின்புறம் சுழித்துக் கீழே அழுத்தும். அங்கே ட்ரோன் சட்டென்று பல அடி இறங்கும். கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது அந்தப் பக்கம் விலகியிருங்கள்.

பேட்டரிக் கணக்கு இப்போது எளிது. பெட்டியில் போட்டிருக்கும் 45 நிமிடம், காற்றில்லாத இடத்தில் பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்த்த அளவு. வெளியில் அது முப்பத்தைந்தைத் தாண்டாது. அதிலும் 30 சதவீதம் மீதம் இருக்கும்போது ட்ரோன் தரைக்கு வந்துவிட வேண்டும். ஒரு பேட்டரிக்கு 25 நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் சேர்த்து 75 நிமிடம். தேர் ஓடுவதோ ஐந்து மணி நேரம். தொடர்ந்து எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இடையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். தேர் ஓடும் நேரத்தில் பாதுகாப்புக்காக அந்த வீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றியும் வைப்பார்கள். பக்கத்து வீட்டில் சார்ஜரைச் செருகிவிட்டு நம்பியிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலும் பறந்து இறங்கிய பேட்டரி சூடாக இருக்கும். சித்திரை வெயிலில் அது ஆறும்வரை சார்ஜர் ஏற்காது. காரில் இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு பேட்டரியை மீண்டும் நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். அதையும் திட்டத்தில் சேர்க்காமல் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிகளை நிழலில், வெள்ளைத் துணி சுற்றி வையுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு பக்கம் உப்பியிருக்கும் பேட்டரியை அன்றைக்கு எடுத்தே போகாதீர்கள்.

நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். வடம் நீட்டிய காட்சியை முந்தின நாள் எடுத்துவிட்டு, இரவே எல்லாவற்றையும் நிரப்பிவிடுவேன். முதல் பேட்டரி தேர் புறப்படும் கணத்துக்கு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வடம் பிடித்ததும் ஏற்றிவிடுவார்கள். தேர் அசையப் பத்து நிமிடம், சில வேளை அதற்கு மேலும் ஆகும். தேர் முகப்பில் துண்டை வீசி இழுக்கச் சொல்பவர் ஏறி நின்றதும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைத்திருப்பவர்கள் அதை உருவத் தயாரானதும் ஏற்றுங்கள். உங்கள் இடத்திலிருந்து அது தெரியாது, ஆகவே தேரடியில் ஓர் ஆளைக் கைபேசியுடன் நிறுத்துங்கள். கூட்டத்தில் அலைவரிசை நெரிசலால் அழைப்பு போகாமலும் போகும். சிறிய வாக்கிடாக்கி இரண்டு இருந்தால் நல்லது. இரண்டாம் பேட்டரி, தேர் முதல் முனையில் திரும்புவதற்கு. முட்டுக்கட்டை போட்டுப் போட்டு அந்தப் பெரிய உடலைத் திருப்புவது மேலேயிருந்து பார்க்க மிக அழகு. ஆனால் அரை மணி நேரம்கூட ஆகலாம் என்பதால் பாதித் திருப்பத்தில் ஏற்றினால் போதும். மூன்றாவது, தேர் நிலைக்கு வரும் நேரத்துக்கு மட்டும். நடுவில் எவ்வளவு நல்ல காட்சி தென்பட்டாலும் அதைத் தொடாதீர்கள். இடைப்பட்ட மணி நேரங்களைத் தரையில் இரண்டு கேமராக்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வீடு திரும்பும் வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரிமோட்டுடன் தொடர்பு அறுந்தால் ட்ரோன் நீங்கள் குறித்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் வரும். ஆயிரக்கணக்கான கைபேசிகள் இயங்கும் இடத்தில் தொடர்பு அறுவது அடிக்கடி நடக்கும். அந்த நேர்கோடு தேர்வீதியைக் குறுக்கே வெட்டினால், நீங்கள் காத்துவந்த 75 மீட்டரும் அந்த ஒரு விநாடியில் போய்விடும். ஆகவே ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் ட்ரோன் நிற்கும் புள்ளியிலிருந்து நீங்கள் நிற்கும் புள்ளிக்கு அளவுகோல் வைத்துக் கோடு போடுங்கள். கோட்டின் கீழே குளமோ வயலோ தோப்போ மட்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். திரும்பும் உயரத்தைக் கோபுரம், கைபேசிக் கோபுரம் இரண்டையும் தாண்டி வையுங்கள். கான்கிரீட் தளத்திலோ நிறுத்திய வாகனங்களின் அருகிலோ ஏற்றாதீர்கள். அவற்றின் உள்ளிருக்கும் இரும்பு, ட்ரோனின் திசைகாட்டியைக் குழப்பும். ட்ரோன் நேராகப் போகாமல் வளைந்து வட்டமிட்டால் காரணம் பெரும்பாலும் அதுவே. மண்தரையில் ஒரு பலகை போட்டு ஏற்றுங்கள்.

இனி அனுமதி. உங்கள் ட்ரோன், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான மைக்ரோ வகை. அதைக் கூலிக்குப் பறக்கவிடுகிறீர்கள். எனவே ட்ரோனுக்குத் தனி அடையாள எண், உங்களுக்கு ட்ரோன் இயக்குநர் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு ஆகிய மூன்றும் வேண்டும். சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிடும் மைக்ரோவுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்ற விலக்கைச் சிலர் உங்களிடம் சொல்வார்கள். பணம் வாங்கும் வேலைக்கு அது பொருந்தாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்ற, 18 முதல் 65 வயது வரையிலான எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் சில நாள் படித்து அதைப் பெறலாம். சித்திரைக்கு முன் முடித்துவிடுங்கள். முடியவில்லை என்றால் சான்றிதழ் உள்ள ஒருவரை அன்றைக்கு இயக்க வையுங்கள், நீங்கள் கேமராவைப் பாருங்கள்.

உயரத்தில்தான் உங்கள் ஊருக்குத் தனிக் கவனம் தேவை. பச்சை மண்டலத்தில் பொதுவாக 120 மீட்டர் வரை முன் அனுமதியின்றிப் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அந்த உச்சவரம்பு 60 மீட்டர்தான். அதற்கு மேல் மஞ்சள் மண்டலம், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். நீங்கள் சொல்லும் பத்து கிலோமீட்டர் சாலைக் கணக்கா, நேர்க்கோட்டுக் கணக்கா என்று பாருங்கள். சாலையில் பத்து என்றால் நேர்க்கோட்டில் எட்டுக்குள் வந்துவிடலாம், அப்போது தரையிலிருந்தே அனுமதி தேவைப்படும். மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் கோயிலின் மேல் புள்ளி வைத்துப் பார்த்துவிடுங்கள். வளையத்துக்குள் என்றால் ட்ரோனின் உயர எல்லையை 60இல் பூட்டுங்கள், திரும்பும் உயரத்தை 55இல் வையுங்கள். ராஜகோபுரமோ கைபேசிக் கோபுரமோ அதைவிட உயரமென்றால் அதை எந்தத் திரும்பும் கோடும் தொடாத இடத்தைத் தேடுங்கள்.

பச்சை மண்டலமாக இருந்தாலும் காவல் நிலையத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. அவசியம் நேர்ந்தால் காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். முக்கியப் பிரமுகர் வருகிறார் என்றால் அப்படி நடக்க வாய்ப்பு உண்டு. முந்தின இரவும் விழாக் காலையும் வரைபடத்தை மறுபடி பாருங்கள். காவல்துறையே கூட்டத்தைக் கண்காணிக்க ட்ரோன் ஏற்றினால் ஒரே வானில் இரண்டு ஓடும். அவர்கள் எந்த உயரத்தில் எங்கே பறக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் ஏற்றும்போது நீங்கள் இறக்கிவிடுங்கள்.

கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். குழுவின் வாய்வார்த்தை போதாது. கருவறை விமானத்துக்கும் கோபுரக் கலசத்துக்கும் மேலே பறப்பதைப் பக்தர்கள் பலர் விரும்ப மாட்டார்கள். குருக்களிடமும் கேட்டு, அந்த இடங்களை விலக்கிவிட்டதாகக் கடிதத்திலேயே எழுதுங்கள். அதே கடிதத்தின் நகலைக் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள்: அடையாள எண், இயக்குபவர் சான்றிதழ், காப்பீடு, நீங்கள் போட்ட வரைபடம், மூன்று ஏற்றங்களின் நேரம், உயர எல்லை. கூட்டத்தின் மேல் பறக்காது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியவருக்கு ஆய்வாளர்கள் எளிதில் ஒப்புதல் தருவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். வாணவேடிக்கைக்காரரைப் பார்ப்பதையும் மறந்துவிடாதீர்கள். வாணம் எந்த இடத்திலிருந்து, எப்போது கிளம்பும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் திரையைப் பார்க்காமல் ட்ரோனை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பறவை வந்தாலும், யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் காலி என்று நினைத்த வயலுக்குள் இறங்கினாலும் அவர்தான் முதலில் சொல்வார். ‘இறக்கு’ என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் இறக்குங்கள்.